கதவிடுக்கில் மூன்றாவது கடிதம்

என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியும் அவருடைய சட்டைகள் அலமாரிக்குள் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. குளித்துவிட்டு வந்து அதை இழுப்பார், ஒரு சட்டையை எடுப்பார், பூட்டுவார், மறுபடி உள்ளே தள்ளுவார். அவருக்கென்றே வாங்கிப் போட்ட புது அலமாரியில் ஆறு ஹேங்கர்கள் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெட்டிக்குள் சட்டையைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரே குடைச்சல். நான் கொஞ்சம் அப்படிப்பட்டவள்தான். பக்கத்து வீட்டு வாசலில் பார்சல் வந்து இறங்கினாலே, உள்ளே என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

மாமா பெயர் சன்னாசி. எழுபத்து நாலு வயது. கெமாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, பிறகு மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். என் மாமியார் பஞ்சாலையம்மாள் போன வருடம் தவறிப்போனதும், தோட்டத்து வீட்டில் அவரைத் தனியாக விட மனசில்லாமல் என் கணவர் சத்தியசீலன் பாரோயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மூன்று அறை வீடு, பிள்ளைகள் இல்லை, இடத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் அவர் இருப்பதே தெரியாமல் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டை எடுப்பார். வாஷிங் மெஷின் இருக்க, பின்கட்டுக் குழாயடியில் வேட்டியைக் கையால் கும்முவார். வேலை முடிந்து நான் வரும்போது வீடு இருட்டாக இருக்கும். யாரும் இல்லை என்று நினைத்து விளக்கைப் போட்டால் மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். அறையில் ஃபேன் கூடப் போட மாட்டார்.

"ஃபேன் போட்டுக்கோங்க மாமா, வேர்க்குதுல்ல?"

"பரவாலம்மா."

"தேத்தண்ணி வேணுமா மாமா?"

"பரவாலம்மா."

என்ன கேட்டாலும் பரவாலம்மா. சில நாள் எனக்குக் கோபமே வரும். அவரைப் பிடித்து உலுக்கி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கலாம் போலிருக்கும். என் குரலும் ஒரு தினுசு. அன்பாகச் சொன்னாலும் அதட்டுவது போல் இருக்கும் என்று சீலன் எப்போதும் கிண்டல் செய்வார். அதனால்தான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"வாயால சொல்லுலா துஷ்யந்தி, வீட்டுக்குள்ளயே யாராச்சும் லெட்டர் எழுதுவாங்களா?" என்றார் சீலன்.

என் பிறந்த வீட்டில் எழுதுவார்கள். நாங்கள் சிலோன்காரர்கள். என் அப்பாவின் அப்பா, அதாவது அப்பப்பா தம்பிராஜா, போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். எதையும் எழுத்தில் வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. அவர் வழியில் வந்த நாங்களும் அப்படியே ஆகிவிட்டோம். என் அம்மா கமலாதேவி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டது கூட அரிசி டின்னுக்குள் போட்ட சீட்டில்தான். போதாததற்கு நான் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் கடிதம்தான் என் பிழைப்பு.

ஆனாலும் அந்தக் கடிதம் லேசில் வரவில்லை. முதல் தடவை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விளக்கைப் போடுங்கள், மெஷினைப் பயன்படுத்துங்கள், எங்களோடு சாப்பிடுங்கள் என்று ஒன்பது கட்டளைகள். விடுதிச் சட்டம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவதில், இதை உங்கள் வீடு போல நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அதை நாம் விருந்தாளியிடம் அல்லவா சொல்லுவோம் என்று தோன்றியதும் அதையும் அடித்தேன்.

மூன்றாவது தடவை, அவர் செய்ததில் என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இரும்பு கேட் இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது. அவர் வந்த மூன்றாம் நாள் அது வாயை மூடிவிட்டது. மழை தூறினால் வாசலில் கிடக்கும் என் வேலைக்குப் போகிற செருப்பு உள்ளே வந்திருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்த அன்று கதவுக்கு வெளியே ஒரு முக்காலி, அதன் மேல் மூடி வைத்த கஞ்சி, பக்கத்தில் சுட்ட அப்பளம். தட்டிக் கூப்பிடக்கூட இல்லை. இதையெல்லாம் எழுத எழுத, இந்த மனுஷன் நாலு மாதமாக இந்த வீட்டுக்கு என்னென்ன செய்திருக்கிறார் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒன்று புரிந்தது. நாங்கள் கொடுப்போம், அவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதினால் மறுபடியும் பரவாலம்மாதான் வரும். அதனால் அவரிடம் கேட்டேன். காலையில் எத்தனை மணிக்கு உங்களுக்குத் தேத்தண்ணி வேண்டும்? என் சமையலில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை? இந்த வீட்டில் எதை மாற்ற வேண்டும்? ஒரு பெரியவரை வைத்துக் குடித்தனம் செய்வது எங்களுக்கும் புதுசு, தப்பு செய்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசியில், இதற்கு ஒரு பதில் எழுதுங்கள் மாமா, மூன்று வரி போதும் என்று முடித்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பேப்பரை வரிவிடாமல் படிப்பார்.

நல்ல கடிதம் அது, இப்போதும் சொல்லுவேன். கெடுத்தது நான் அதை அனுப்பிய விதம். என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும் என்று ஆபீசிலேயே தட்டச்சு செய்தேன். ஏற்கெனவே இருந்த ஒரு கடிதத்தைத் திறந்து, அதன் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டேன். மேலே தேதி. கீழே 'திரு. சன்னாசி'. அதற்கும் கீழே தடித்த எழுத்தில் 'பொருள்: தாங்கள் வீட்டில் தங்கியிருப்பது தொடர்பாக'. முதல் வரி: 'கடந்த நான்கு மாதங்களாகத் தாங்கள் ஆற்றிவரும் உதவிகளுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.' மூன்றாக மடித்து நீள வெள்ளை உறையில் போட்டேன். கையில் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில், மே மூன்றாம் தேதி, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு மாலையே மாற்றம் தெரிந்தது. மாமா தானாக வந்து பேசினார்.

"கடுதாசி கெடச்சிச்சும்மா. சரிம்மா."

அவ்வளவுதான், ஆனால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரம் அறைக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று சீலனிடம் பெயின்ட் கேட்டார். இரண்டு நாளில் நாலு சுவரும் பளிச்சென்று ஆனது. திரைச்சீலையைக் கழற்றித் துவைத்துத் திரும்ப மாட்டினார். ஜன்னல் கம்பியில் இருந்த துருவைச் சுரண்டினார். ஒருநாள் என்னிடம் வந்து, "ஹேங்கர் ஆறுதானம்மா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். கடைசியில் சட்டையை மாட்டப்போகிறார்!

"பாத்தீங்களா? லெட்டர் எழுதுனா என்ன ஆவுதுன்னு?" என்று சீலனிடம் பீற்றிக்கொண்டேன்.

சீலன் தாடையைச் சொறிந்தார். "அப்பா எங்கம்மா சொல்லியே சாயம் அடிக்காத ஆளு. என்னமோ இடிக்குது."

எனக்கும் ஒன்று இடித்தது. பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாக, தினமும் காலையில் சமையலறை நாள்காட்டி முன்னால் நின்று பார்த்தார். ஏதாவது விசேஷமா என்று கேட்டால், "பரவாலம்மா" என்றார். மாமியாரின் திதியா என்று யோசித்தேன், அது வேறு மாதம். என்ன கணக்கு என்று தெரியாமல் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் பிறந்து மூன்றாவது நாள். எனக்கு விடுமுறை. சீலன் கோழி வாங்க பசாருக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வீரமுத்து, மாமாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்த சிநேகிதர். இப்போதும் அந்தத் தோட்டத்துக் கோயிலை ஒட்டி ஒரு பலகை வீட்டில் இருக்கிறார். வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் அறைக்கதவு திறந்தது.

மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் பச்சைப் பெட்டி, மறு கையில் அறைச் சாவியும் ஒரு காகிதமும். காகிதத்தை என்னிடம் நீட்டினார். கோடு போட்ட நோட்டுத் தாளில் நிதானமான கையெழுத்து.

'ஃபேன் 1. ஹேங்கர் 6. திரை 2. கட்டில் 1. சாவி 1. சுவருக்குச் சாயம் அடித்தாச்சு. எல்லாம் நல்லபடியாக ஒப்படைத்தேன்.'

"கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா," என்றார். "பொறவு ஒண்ணு ஒடஞ்சிருக்கு, ஒண்ணு கொறையுதுன்னு பேச்சு வரக்கூடாது பாரு."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "என்ன மாமா இது? எங்க போறீங்க?"

"வீரமுத்து வீட்டுல ஒரு மூலை இருக்கு. நீ கவலப்படாத. ஒரு மாசம்தான் கணக்கு, இன்னைக்கு ஆயிடுச்சு. ஒரு நாள் கூடுதலா எடுத்துக்கல."

"எந்த மாசம்? யாரு உங்களைப் போகச் சொன்னா?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் எதற்காக இப்படித் தெரியாதது போல் கேட்கிறேன் என்று அவருக்குத்தான் குழப்பம். "நீதானம்மா கடுதாசி குடுத்த," என்றார்.

பெட்டியை வாசல் தரையில் வைத்துத் திறந்தார். ஐந்து மாதமாக நான் பார்க்கத் துடித்த பெட்டி. பத்துச் சட்டைகள், வேட்டிகள், மாமியின் படம் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மூன்று நீள உறைகள். தேதி வரிசையில் எடுத்து என் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

முதல் கடிதம் தொண்ணூற்றாறாம் வருடத்தது. அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் விற்கப்பட்டபோது வந்தது. இரண்டாவது இரண்டாயிரத்துப் பதினொன்று. அடுத்த தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறியபோது வந்தது. இரண்டையும் கிராணி தமிழில் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். மேலே தேதி. 'பொருள்: தாங்கள் குடியிருக்கும் வீடு தொடர்பாக.' முதல் வரி: 'இத்தனை வருட உழைப்புக்கு நிர்வாகம் தன் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.' அதற்குக் கீழே ஒரு மாதக் கெடு. அதற்கும் கீழே, வீட்டைச் சுத்தம் செய்து, சாமான்களைக் கணக்குக் காட்டி, சாவியை ஆபீசில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விதி.

மூன்றாவது உறையில் இருந்தது என் கடிதம்.

"ரெண்டும் கதவிடுக்குலதான் வந்திச்சு," என்றார் மாமா. "உன்னுதும் அங்கதான் கெடந்திச்சு. பொருள் பாத்தேன், நன்றி பாத்தேன். அதுக்கு மேல படிச்சி என்னா ஆவப்போவுதுன்னு மடிச்சி வச்சிட்டேன். இங்கிட்டு எந்தக் குத்தமும் இல்லம்மா. நல்லாத்தான் வச்சிருந்தீங்க."

எனக்குக் காது சுட்டது. ஏழு வயதில் அப்பப்பாவின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நான் உறை ஒட்டியிருக்கிறேன். ஒரு விடுமுறை முழுக்க, சோற்றுப் பசை தொட்டு, கட்டுக்கட்டாக. என்ன கடிதம் அப்பப்பா என்று கேட்டேன். நன்றிக் கடிதம் பிள்ளை என்றார். நான் எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள், அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதை மறைக்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

"உக்காருங்க மாமா," என்றேன். வழக்கமான அதட்டல் குரல்தான் வந்தது. "மிச்சத்த நான் படிக்கிறேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் லாரி ஏறுங்க."

அவர் உட்காரவில்லை. சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் கேட்டைப் பற்றிப் படித்தேன், செருப்பைப் பற்றிப் படித்தேன். கஞ்சியையும் அப்பளத்தையும் பற்றிப் படித்தேன். லாரியில் சாய்ந்திருந்த வீரமுத்து, "அப்பளமும் சுட்டியாடா?" என்று கேட்டார். தேத்தண்ணி எத்தனை மணிக்கு என்ற கேள்வி, சமையலில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி, கடைசி வரி வரை படித்து முடித்தேன்.

மாமா காகிதத்தை வாங்கி, விரலை வைத்து அவரே ஒருமுறை பார்த்தார். நான் இல்லாததைச் சேர்த்துப் படித்திருப்பேனோ என்று சந்தேகம் போல.

"இதெல்லாம் கீழ எழுதியிருந்தியா?"

"ஆமா மாமா."

"அப்ப காலி பண்ண வேணாமா?"

"வேணாம். போகாதீங்க. நீங்க இல்லன்னா எனக்கு இந்த வீடு நல்லாவே இருக்காது."

அதை அவரிடம் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "பாக்கலாம்மா," என்றார். பெட்டியைப் பூட்டி, வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் போய் உட்கார்ந்தார். ஒரு மாதமாக ஒருவர் மனசுக்குள்ளேயே கிளம்பிவிட்டால், ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டித் திரும்பக் கூப்பிட்டுவிட முடியுமா?

சீலன் கோழியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாயால சொல்லுன்னு சொன்னேன்ல?" என்றார். அவர் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்கயும் போவ வேணாம்பா," என்று மட்டும் சொன்னார். மாமா அவர் முதுகைத் தட்டினார், அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மத்தியானம் வீரமுத்துவும் எங்களோடு சாப்பிட்டார். மாமா நாங்கள் எழுந்திருக்கும் வரை காத்திருக்கவில்லை, சிநேகிதர் இருந்ததால் கூடவே உட்கார்ந்தார். நான் அதைக் கூட நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளப் பயந்தேன். பெட்டி வாசலிலேயே இருந்தது. பாத்திரம் கழுவும்போதும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

மூன்று மணி போல வீரமுத்து கிளம்பினார். லாரி உறுமும் சத்தம் கேட்டுச் சோப்புக் கையோடு வாசலுக்கு ஓடினேன். லாரி முனை திரும்பிக்கொண்டிருந்தது. வாசலில் பெட்டி இல்லை. நாற்காலியில் மாமாவும் இல்லை.

சீலனைக் கூப்பிட எங்கள் அறைப் பக்கம் ஓடினேன். அறைக் கதவுக்கு அடியில், பாதி உள்ளே பாதி வெளியே, ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள் கிடந்தது.

'ஜூன் 3. துஷ்யந்திக்கு.

ரசத்தில் புளி அதிகம். அஞ்சு மாதமாகச் சொல்ல நினைத்தேன்.

தேத்தண்ணி அஞ்சரைக்கு வேணும். பால் வேணாம்.

ஃபேன் கிறீச் என்று கத்துது. அதனால்தான் போடுவது இல்லை. சீலன் பார்க்கணும்.

ராத்திரி ஏழரைக்கு மேல் என்னால் பசி தாங்க முடியாது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் சாப்பிட்டுவிடுவேன்.

பெட்டியை வீரமுத்துவை விட்டு அலமாரி மேலே ஏற்றியாச்சு. எனக்கு எட்டாது.

ஆறு ஹேங்கர் பத்தாது. இன்னும் நாலு வேணும்.

வாங்கிக்கொண்டதற்குக் கீழே கையெழுத்துப் போடவும்.

சன்னாசி.'

இரண்டு தடவை படித்தேன். நன்றி என்ற சொல்லை அதில் எங்கேயும் காணோம். அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து, கையைத் துடைத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, அவர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே ஃபேன் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டிருந்தது. காகிதத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தாள் திரும்ப வெளியே வந்தது.

"தேதி போடலம்மா," என்றார் மாமா.